ஐபிஓ செலவு 2 கோடி: முதலீட்டில் சேர்ப்பதா, வீதத்தில் ஏற்றுவதா?

கேள்வி: ஐயா, வணக்கமுங்க. அரசூர் பக்கம் ஒரு பவுண்டரியில் கணக்குப் பார்க்கிறேன். பம்ப், மோட்டார் கம்பெனிகளுக்கு வார்ப்படம் போட்டுக் கொடுக்கிறோம். தானியங்கி மோல்டிங் லைனும் இண்டக்‌ஷன் ஃபர்னஸும் போட 18 கோடி ரூபாய் வேண்டும். எஸ்எம்இ ஐபிஓ மூலம் திரட்டலாம் என்று முதலாளி நினைக்கிறார். 20 கோடிக்கு வெளியிட்டால் 2 கோடி செலவாகுமாம். புது லைனில் வரி போக வருஷம் 4.2 கோடி வீதம் 8 வருஷம் வரும். எங்கள் மூலதனச் செலவு 15 சதவீதம். வெளிநாட்டில் எம்பிஏ படித்து வந்த சின்ன முதலாளி, "15-க்குப் பதில் 15.67 சதவீதம் போட்டால் வெளியீட்டுச் செலவு உள்ளே வந்துவிடும்" என்கிறார், அப்படிப் போட்டால் திட்டம் லாபம் காட்டுகிறது. ஆடிட்டர் 2 கோடியை முதலீட்டோடு சேர்க்கச் சொல்கிறார். சேர்த்தால் நஷ்டம் காட்டுகிறது. இரண்டு பேருக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். எது சரிங்க? எக்ஸெல் தாளை இணைத்திருக்கிறேன்.

பதில்:

ஆடிட்டர் சொல்வதுதான் சரி. அந்த 2 கோடி, பணம் கைக்கு வரும் அன்றே, ஒரே தடவையில் வெளியே போகிற பணம். மெர்ச்சன்ட் பேங்கர், அண்டர்ரைட்டர், வக்கீல், ரெஜிஸ்ட்ரார், விளம்பரம் என்று எல்லோரும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகுதான் மீதி 18 கோடி உங்கள் கணக்குக்கு வருகிறது. ஒரே நாளில் போகும் பணத்தை அந்த நாளில்தான் எழுத வேண்டும். 15 சதவீதம் என்பது உங்கள் பங்கில் பணம் போடுகிறவர், அந்தத் தொழிலின் அபாயத்தைப் பார்த்து எதிர்பார்க்கும் வருமானம். மெர்ச்சன்ட் பேங்கருக்கு நீங்கள் எவ்வளவு கொடுத்தாலும் வார்ப்படத் தொழிலின் அபாயம் கூடாது, குறையாது. அந்த எதிர்பார்ப்பும் மாறாது.

சின்னவரும் இதைச் சொந்தமாகக் கற்பனை செய்து சொல்லவில்லை, அவர் சொல்வதையும் நான் மதிக்கிறேன். பல பாடப் புத்தகங்களில் அந்தச் சூத்திரம் இருக்கிறது. அதனால், அது எங்கே தவறுகிறது என்பதை அவரிடமே காட்டும்படி, உங்கள் தாளில் உள்ள எண்களை வைத்தே சொல்கிறேன். எக்ஸெலில் ஒரு காலி இடத்தில் இந்த இரண்டு வரிகளையும் போட்டுப் பாருங்கள். எல்லாம் கோடி ரூபாயில். எட்டு வருஷ வருமானத்தின் இன்றைய மதிப்பிலிருந்து முதலீட்டைக் கழிக்கிற கணக்கு இது.

```
=PV(15%,8,-4.2)-20
=PV(15.67%,8,-4.2)-18
```

முதல் வரி ஆடிட்டர் முறை. விடை மைனஸ் 1.15 கோடி. இரண்டாவது சின்னவர் முறை. விடை பிளஸ் 44 லட்சம். இயந்திரம் ஒன்றே, வருமானம் ஒன்றே, செலவும் ஒன்றே. ஒரு முறை திட்டத்தை விடச் சொல்கிறது, இன்னொன்று எடுக்கச் சொல்கிறது. ஆக, இது புத்தகத்தில் மட்டும் இருக்கிற கருத்து வேறுபாடு இல்லை.

இப்போது வெளியீட்டுச் செலவே இல்லை என்று வைத்துப் போடுங்கள்: 15 சதவீதம், 18 கோடி. விடை பிளஸ் 85 லட்சம். ஆடிட்டர் முறையில் அதிலிருந்து 2 கோடி முழுசாகக் குறைந்திருக்கிறது. சின்னவர் முறையில் 85 லட்சம் 44 லட்சம் ஆகியிருக்கிறது. குறைந்தது 41 லட்சம்தான். பில் 2 கோடிக்கு வருகிறது, தாளில் ஏறியது 41 லட்சம். மீதி 1.59 கோடி யார் தலையில்? பழைய பங்குதாரர் தலையில். அதாவது முதலாளி குடும்பத்தின் தலையில்.

இதையே வருஷக் கணக்காகச் சொன்னால் முதலாளிக்கு இன்னும் எளிதாகப் புரியும். 2 கோடியை 15 சதவீதத்தோடு 8 வருஷத்தில் திருப்பி எடுக்க வேண்டுமென்றால், இந்த லைன் வருஷம் சுமார் 45 லட்சம் கூடுதலாகச் சம்பாதிக்க வேண்டும். லாரி வாங்கித் தவணை கட்டுவது போலத்தான். அசலும் அதிலேயே அடைபட வேண்டும். 15.67 சதவீதம் என்று போட்டால் தாள் கூடுதலாகக் கேட்பது வருஷம் சுமார் 9 லட்சம்தான். எட்டு வருஷத்துக்கும் சேர்த்தால் 72 லட்சம். வட்டியை விடுங்கள், 2 கோடி அசலே அதில் திரும்பவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? உங்கள் தாளில் 15 சதவீதம் எப்படி வந்தது என்று பார்த்தேன். பங்கு விலைக்கு 6 சதவீதம் டிவிடெண்ட், அதோடு வருஷம் 9 சதவீத வளர்ச்சி, இரண்டும் சேர்ந்து 15. சின்னவரின் சூத்திரம், 100 ரூபாய்ப் பங்கில் கம்பெனிக்குக் கிடைப்பது 90 ரூபாய்தான் என்று எடுத்துக்கொண்டு, 6-ஐ 90-ஆல் வகுக்கிறது. அது 6.67 ஆகிறது. 9-ஐச் சேர்த்தால் 15.67.

கூடுதலாக வந்த அந்த 0.67 சதவீதம், 18 கோடியில் 12 லட்சம். சூத்திரத்தின் உள்ளர்த்தம் இதுதான்: முதல் வருஷம் 12 லட்சம், பிறகு வருஷாவருஷம் 9 சதவீதம் கூடிக்கொண்டே, முடிவே இல்லாமல் அந்தத் தொகை வசூலாகிக்கொண்டிருக்கும். அந்த முடிவில்லாத வரிசையின் இன்றைய மதிப்பைப் போடுங்கள். 12 லட்சத்தை, 15-இலிருந்து 9 போக மீதி 6 சதவீதத்தால் வகுத்தால் 2 கோடி. காசு பிசகாமல் சரியாக வருகிறது. அந்த வகையில் சூத்திரத்தில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. ஆனால், அது சரியாக இருக்க ஒரு நிபந்தனை உண்டு. திட்டம் என்றைக்கும் ஓயக் கூடாது. அதன் வருமானமும் கம்பெனியின் டிவிடெண்ட் வளரும் அதே வேகத்தில் என்றைக்கும் வளர வேண்டும்.

உங்கள் மோல்டிங் லைன் 8 வருஷத்துக்கு, வருஷாவருஷம் மாறாமல் 4.2 கோடி கொடுப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒன்பதாவது வருஷம் முதல் வசூலாக வேண்டிய தவணைகளைக் கட்ட ஆள் இல்லை. அந்த எட்டு வருஷத்துக்குள்ளும் இயந்திரத்தில் முடங்கிய பணம் குறைந்துகொண்டே வருவதால், 12 லட்சம்கூட முழுதாக வசூலாகாமல் சராசரியாக 9 லட்சத்தில் நிற்கிறது. வாழ்நாள் நீண்டால் இந்தத் தொகை மாறும் என்பதையும் பாருங்கள். இதே லைன் 20 வருஷம் ஓடினால், 15.67 சதவீத முறை எடுத்துக்கொள்ளும் இன்றைய மதிப்பு 94 லட்சம். மெர்ச்சன்ட் பேங்கர் கொடுக்கும் பில்லுக்கும் உங்கள் ஃபர்னஸ் எத்தனை வருஷம் எரியும் என்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்படி இருக்க, பில் தொகை மட்டும் தாளில் நீண்டு சுருங்குகிறது.

இன்னும் ஒரு சோதனை. நீங்கள் இன்னும் சந்தையில் இல்லாத கம்பெனி. 6 சதவீத டிவிடெண்ட், 9 சதவீத வளர்ச்சி என்பதெல்லாம் வேறு கம்பெனிகளைப் பார்த்து எடுத்த யூகம். அதே 15 சதவீதத்தை 2 சதவீத டிவிடெண்ட், 13 சதவீத வளர்ச்சி என்று பிரித்திருந்தால், சின்னவரின் முறையில் வீதம் 15.22 ஆகும். அப்போது 2 கோடிச் செலவுக்காகத் தாள் கழிப்பது வெறும் 14 லட்சம். வளர்ச்சியே இல்லை, 15 சதவீதம் முழுவதும் டிவிடெண்ட் என்று போட்டிருந்தால் 16.67 சதவீதம் ஆகி 99 லட்சம் கழியும். முதலீட்டாளர் கேட்பது மூன்றிலும் 15-தான். பில்லும் 2 கோடிதான். ஒரு யூகத்தை எப்படிப் பிரிக்கிறோம் என்பதை வைத்துச் செலவு 14 லட்சமா 99 லட்சமா என்று மாறினால், அந்த முறையில் முடிவெடுக்கக் கூடாது. சின்னவரிடம் இந்த மூன்று எண்களையும் காட்டுங்கள். படித்தவர், உடனே பிடித்துக்கொள்வார்.

வீதத்தில் ஏற்றுவதில் இன்னொரு கெடுதல் உண்டு. அது பிறகுதான் தெரியும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், பல்லடம் பக்கத்து நூற்பாலை ஒன்றுக்கு ரைட்ஸ் வெளியீட்டுக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். நானும் அப்போது வெளியீட்டுச் செலவை வீதத்தில் ஏற்றினேன். அந்த எண் அவர்கள் தாளின் முதல் பக்கத்தில் "கம்பெனி வீதம்" என்று உட்கார்ந்துவிட்டது. மூன்று வருஷம் கழித்து, சொந்த லாபத்திலிருந்து ஆட்டோகோனர் வாங்க ஒரு திட்டம் வந்தது. அதற்கு எந்த வெளியீடும் இல்லை, ஒரு ரூபாய் வெளியீட்டுச் செலவும் இல்லை. ஆனாலும் பழைய வீதத்தில்தான் கணக்குப் போட்டார்கள். மயிரிழையில் தள்ளிப்போன திட்டம் அது. செலவு இல்லாத வீதத்தில் போட்டிருந்தால் தேறியிருக்கும். பக்கத்து ஆலைகள் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தபோது அவர்கள் பழைய இயந்திரத்தில் கூலி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான். முதலீட்டில் சேர்த்த செலவு அந்தத் திட்டத்தோடு முடிந்துபோகும். வீதத்தில் ஏற்றிய செலவை இறக்கிவிட யாருக்கும் ஞாபகம் வராது.

இரண்டு இடத்திலும் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள், "பாதுகாப்பாக இருக்கட்டும்" என்று. உங்கள் தாளின் மூன்றாவது பக்கத்தில் 20 கோடியும் 15.67-ம் ஒன்றாக இருக்கிறது. அது ஒரே செலவை இரண்டு தரம் எண்ணுவது. அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள்.

சரி, முதலீட்டில்தான் சேர்க்க வேண்டும் என்று ஆன பிறகு, எவ்வளவு சேர்ப்பது? இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். 10 சதவீதம் செலவு என்றால் 18 கோடியில் 10 சதவீதம், 1.8 கோடி, ஆக 19.8 கோடி திரட்டினால் போதும் என்று போடுவார்கள். ஆனால், செலவு திரட்டுகிற முழுத் தொகையின் மேல்தான் விழுகிறது. 19.8 கோடியில் 10 சதவீதம் போனால் கையில் 17.82 கோடி. 18 லட்சம் குறையும். ஃபர்னஸ் வந்து இறங்கிய பிறகு அந்தக் குறை தெரியும். 18-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும், 20 வரும்.

அதைவிட நல்ல வழி, சதவீதத்தையே நம்பாமல் இருப்பது. உங்கள் தாளில் உள்ள செலவுப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன். வெளியீட்டுக்காகக் கணக்குகளை விதிப்படி மறுபடி தயாரிப்பது, வக்கீல், பிராஸ்பெக்டஸ், எக்ஸ்சேஞ்ச் கட்டணம், விளம்பரம் எல்லாம் சேர்ந்து சுமார் 90 லட்சம். வெளியீடு 10 கோடியானாலும் 20 கோடியானாலும் இது பெரிதாக மாறாது. அண்டர்ரைட்டிங், விற்பனைக் கமிஷன் போன்றவை வெளியீட்டுத் தொகையில் 5.5 சதவீதம். எஸ்எம்இ வெளியீட்டை முழுவதும் அண்டர்ரைட் செய்ய வேண்டும், அதில் குறைந்தது 15 சதவீதத்தை மெர்ச்சன்ட் பேங்கர் தன் சொந்தக் கணக்கிலேயே ஏற்க வேண்டும் என்பது செபியின் விதி. அதனால், இந்தக் கமிஷனை அறவே தவிர்க்க முடியாது. அப்போது கணக்கு இப்படி: 18 கோடியோடு 90 லட்சத்தைச் சேர்த்து, 0.945-ஆல் வகுக்கவும். 20 கோடி. நீங்கள் எழுதியதுதான் வருகிறது.

பிரித்து வைத்திருப்பதன் பயன் என்ன என்றால், திட்டம் மாறும்போது எண் பொய் சொல்லாது. 10 கோடிக்கு வங்கியில் டேர்ம் லோன் வாங்கி, 8 கோடிக்கு மட்டும் பங்கு வெளியிடலாம் என்று முதலாளி நாளைக்குச் சொல்வார் என்று வையுங்கள். பழைய 10 சதவீதத்தைப் போட்டால் 89 லட்சம்தான் செலவு என்று வரும். உண்மையில் 8-ம் 0.9-ம் சேர்ந்து 8.9, அதை 0.945-ஆல் வகுத்தால் 9.42 கோடி திரட்ட வேண்டும். செலவு 1.42 கோடி, அதாவது வெளியீட்டில் 15 சதவீதம். சின்ன வெளியீட்டைத் தின்பது அந்த அசையாத 90 லட்சம்தான். லோனுக்கான பிராசஸிங் கட்டணம், அடமானப் பதிவு, மதிப்பீட்டாளர் கட்டணம் ஆகியவற்றையும் அதேபோல முதல் நாள் பணமாக எழுதுங்கள். கடன் கலந்தால் 15 சதவீதம் என்ற வீதமும் மாறும். அதை முறையாகத் திரும்பப் போட வேண்டும். வட்டி மலிவு என்பதற்காக மனம்போல இறக்கக் கூடாது.

அடுத்த கேள்வியை நீங்கள் கேட்கவில்லை. ஆனால், உங்கள் விஷயத்தில் முடிவை அதுதான் தீர்மானிக்கும் என்று நினைக்கிறேன். அந்த 90 லட்சம் உண்மையிலேயே இந்த மோல்டிங் லைனின் செலவா? முதலாளியிடம் நேராகக் கேளுங்கள்: "இந்த லைன் போடாவிட்டாலும் நாம் சந்தைக்குப் போவோமா?" நம் பக்கத்தில் பல குடும்பக் கம்பெனிகள் வேறு காரணத்துக்காகவும் பட்டியலில் சேர்கின்றன. அண்ணன் தம்பி பாகத்துக்கு ஒரு விலை தெரிய வேண்டும், அடுத்த தலைமுறையில் வெளியே போக நினைக்கிறவர் போக வழி வேண்டும் என்றெல்லாம். எப்படியும் போகத்தான் போகிறோம் என்றால், 90 லட்சம் அந்த முடிவின் செலவு. லைன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது போகும். லைனுக்குச் சேர்வது 5.5 சதவீதம் மட்டுமே: 18-ஐ 0.945-ஆல் வகுத்தால் 19.05 கோடி, செலவு 1.05 கோடி. அப்போது விடை மைனஸ் 1.15 கோடியிலிருந்து மைனஸ் 20 லட்சத்துக்கு வந்துவிடும். லைனுக்காக மட்டும்தான் ஐபிஓ என்றால், 2 கோடியும் லைனின் தலையில்தான். இதில் மனச்சாட்சியோடு பதில் சொல்ல வேண்டும். திட்டத்தைத் தேற வைப்பதற்காக 90 லட்சத்தை இந்தத் தாளிலிருந்து எடுத்தால், பட்டியலில் சேரும் முடிவுக்கு ஒரு தனித் தாள் போட்டு, அதில் அந்த 90 லட்சத்தை எழுதி, அதனால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் எழுதிக் காட்ட வேண்டும்.

இதே நியாயம் ஏற்கெனவே செலவழித்ததற்கும் பொருந்தும். ஆலோசகருக்கு முன்பணமாக ஏதாவது கொடுத்துவிட்டீர்கள் என்றால் அது போனது போனதுதான். இன்றைய முடிவில் அதைச் சேர்க்காதீர்கள். அப்புறம், முதலாளி குடும்பம் தங்கள் பங்கில் ஒரு பகுதியையும் இதே வெளியீட்டில் விற்பதாக இருந்தால், அந்த விற்பனைக்கு உரிய செலவு அவர்களுடையது. கம்பெனித் தாளில் அது வரக் கூடாது.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஆடிட்டர் தாளில் இது விடுபட்டிருக்கிறது. கடன் வாங்குவதற்கான செலவும் பங்கு வெளியிடுவதற்கான செலவும் வரியில் ஒன்றல்ல. கடன் வாங்க ஆகும் செலவை வருவாய்ச் செலவாகக் கழிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1966-இல் இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில் சொன்னது. பங்கு மூலதனம் திரட்டும் செலவு மூலதன வகைச் செலவு, அதை அப்படிக் கழிக்க முடியாது என்று 1997-இல் புரூக் பாண்ட் வழக்கில் சொன்னது. ஆனால், 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 35டி பிரிவில் ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது. தொழிலை விரிவாக்குவதற்காகப் பொதுமக்களிடம் பங்கு வெளியிட்டால், அண்டர்ரைட்டிங் கமிஷன், தரகு, பிராஸ்பெக்டஸ் எழுதி அச்சிட்டு விளம்பரம் செய்த செலவு ஆகியவற்றை ஐந்து சம தவணைகளாகக் கழிக்கலாம். அதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு: திட்டச் செலவில் 5 சதவீதம். 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண் வேறாக இருக்கும். ஆடிட்டர் அதைப் பார்த்துச் சொல்வார்.

உங்களுடைய 18 கோடியும் நிலையான சொத்து என்பதால் வரம்பு 90 லட்சம். வருஷம் 18 லட்சம் கழியும். நீங்கள் 25.168 சதவீத வரியில் இருந்தால் மிச்சமாவது வருஷம் நாலரை லட்சம். ஐந்து வருஷத்துக்கு அதன் இன்றைய மதிப்பு சுமார் 15 லட்சம். 2 கோடிக்கு எதிரில் இது பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் மைனஸ் 1.15 கோடி மைனஸ் 1 கோடியாகக் குறைகிறது. 90 லட்சம் லைனுக்குச் சேராது என்ற நிலையில் மைனஸ் 20 லட்சம், மைனஸ் 5 லட்சமாகி, ஏறக்குறைய சமத்துக்கு வந்துவிடுகிறது.

கணக்குப் புத்தகத்தில் எழுதுவதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கம்பெனிச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, வெளியீட்டுச் செலவை செக்யூரிட்டீஸ் பிரீமியம் கணக்கில் தள்ளுபடி செய்துவிடலாம். அது லாப நட்டக் கணக்கையே தொடாது. "லாபத்தில் கை வைக்கவில்லையே, அப்புறம் என்ன செலவு?" என்று முதலாளிகள் கேட்பது வழக்கம். பணம் போனது போனதுதான். எந்தக் கணக்கில் எழுதினோம் என்பதால் அது திரும்பி வராது.

பட்டியலில் சேர்ந்த பிறகு வருஷாவருஷம் ஆகும் செலவு தனி. மார்க்கெட் மேக்கர் குறைந்தது மூன்று வருஷம் இருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் ஆண்டுக் கட்டணம், ரெஜிஸ்ட்ரார், கம்பெனி செக்ரட்டரி சம்பளம் எல்லாம் தொடரும். அவற்றை முதல் நாள் முதலீட்டில் சேர்க்காமல் அந்தந்த வருஷத்தில் எழுதுங்கள். லைனுக்காகத்தான் ஐபிஓ என்றால் 4.2 கோடியிலிருந்து கழியுங்கள். உங்கள் தாளில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

இப்போது இருக்கிற நிலையில், 2 கோடியும் லைனின் தலையில் என்றால், வரி மிச்சத்தையும் சேர்த்துப் பார்த்து, லைன் வருஷம் 4.42 கோடியாவது கொடுக்க வேண்டும். 4.2-க்கும் அதற்கும் உள்ள 22 லட்சம், கழிவு வார்ப்படம் குறைவதிலோ கரண்ட் யூனிட்டிலோ கிடைக்குமா என்று பிளாண்ட் மேனேஜரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அதைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் மெர்ச்சன்ட் பேங்கரின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். அவரிடம் செலவு மதிப்பீட்டை இரண்டு பத்தியாகக் கேட்டு வாங்குங்கள்: வெளியீட்டுத் தொகையோடு ஏறி இறங்குவது ஒன்று, எப்படியும் ஆவது ஒன்று. வெளியீடு நடக்காமல் போனாலும் அதில் எதையெல்லாம் கொடுத்தாக வேண்டும் என்பதை ஒவ்வொரு வரிக்கும் எதிரில் எழுதித் தரச் சொல்லுங்கள்.